விசாவுக்குச் சம்பளச் சான்றிதழும் வேலை உறுதிக் கடிதமும்: கான்ட்ராக்டில் இருப்பவர் கேட்டு வாங்குவது எப்படி

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலை பார்ப்பது அங்கே என்றாலும் சம்பளம் போடுவது புதுச்சேரியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனம். பிரான்சில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, மூன்று வாரம் போய்வரலாம் என்று விசாவுக்கு இறங்கினேன். பாஸ்போர்ட், இன்சூரன்ஸ், டிக்கெட் முன்பதிவு எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. வேலை செய்கிறேன் என்று சொல்லும் ஒற்றைப் பக்கக் கடிதத்துக்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது. மூன்று முறை திருத்தி வாங்கினேன். மூன்று திருத்தத்தில் இரண்டு என் தவறு.

கீழே எழுதியிருப்பது பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளுக்கான குறுகிய கால விசாவை மனதில் வைத்து. வங்கிக் கடனுக்குக் கேட்பவர்களுக்கு எங்கே மாறும் என்பதைக் கடைசிப் பக்கம் தனியாகச் சொல்கிறேன்.

1. யாரிடம் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். தினமும் முகம் பார்க்கும் தொழிற்சாலை ஹெச்.ஆர். மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, "பார்க்கலாம் தம்பி" என்றார். பத்து நாள் கழித்துத்தான், நான் அவர்களுடைய பதிவேட்டிலேயே ஊழியராக இல்லை, அதனால் சம்பளம் பற்றி அவர்கள் எழுதித் தர முடியாது என்று தெரிந்தது. அவர் சொன்னது நியாயம்தான். பத்து நாள் முன்னால் சொல்லியிருக்கலாம்.

கடிதம் தர வேண்டியவர் உங்கள் வங்கிக் கணக்கில் சம்பளம் போடுபவர். சந்தேகம் இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். சம்பளச் சீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது, வங்கி அறிக்கையில் சம்பளம் வரவான வரியில் யார் பெயர் இருக்கிறது, பி.எப். கணக்கில் நிறுவனம் என்று யார் பெயர் இருக்கிறது. மூன்றும் ஒரே பெயர் என்றால் அவர்தான் உங்கள் முதலாளி. கேட்டில் போர்டு எந்தக் கம்பெனி பெயரில் இருந்தாலும் சரி.

பி.எப். விவரத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம். இ.பி.எப்.ஓ. உறுப்பினர் தளத்தில் யூ.ஏ.என். எண் போட்டு உள்ளே போய் `View` என்ற பகுதியில் `Service History` என்பதைத் திறங்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும். அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து வையுங்கள். அடுத்த படிக்கு அதுதான் தேவை.

2. சேர்ந்த தேதியைச் சரிபாருங்கள்

நான் 2019 ஜூனிலிருந்து அதே தொழிற்சாலையில், அதே ஷெட்டில் வேலை பார்க்கிறேன். ஆனால் 2022 ஏப்ரலில் கான்ட்ராக்டர் மாறினார். ஆட்கள் அப்படியே இருக்க, சீட்டின் தலைப்பு மட்டும் மாறியது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. `Service History` பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன, அவ்வளவுதான்.

முதல் கடிதத்தில் "2019-லிருந்து" என்று போடச் சொன்னேன். அக்கவுண்டன்ட் அண்ணனும் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பி.எப். பிரிண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 2022-ல் வந்த நிறுவனம் 2019-ல் எனக்குச் சம்பளம் தந்ததாக எழுதினால், பார்ப்பவர் அதை அனுபவம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உங்களுக்கும் இந்த நிலை என்றால் கடிதத்தை இரண்டாகப் பிரியுங்கள். இப்போதைய கான்ட்ராக்டர் தன் தேதியிலிருந்து மட்டும் எழுதட்டும். பழைய கான்ட்ராக்டரிடம் பணி அனுபவச் சான்று கிடைத்தால் அதை இணையுங்கள். கிடைக்காவிட்டால் தொழிற்சாலையிடம் வேறு மாதிரிக் கேளுங்கள். "இவர் எங்கள் வளாகத்தில், இன்ன ஒப்பந்த நிறுவனத்தின் மூலம், இந்தத் தேதியிலிருந்து பணியாற்றி வருகிறார்" என்ற ஒரு வரி போதும். சம்பளம் பற்றி எழுத வேண்டியதில்லை என்று தெரிந்ததும் எங்கள் ஹெச்.ஆர். மேடம் இரண்டே நாளில் தந்தார். இது கட்டாய ஆவணம் இல்லை. ஆனாலும் ஒரே இடத்தில் நிலையாக வேலை பார்ப்பவர் என்பதை இதுதான் காட்டியது.

3. எந்தச் சம்பளத்தை எழுதச் சொல்வது

இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள், அதனால் என் கணக்கையே வைத்து விளக்கிவிடுகிறேன்.

என் மொத்தச் சம்பளம் மாதம் 32,000 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 16,000, மீதி வீட்டு வாடகைப்படி, இதர படிகள். பி.எப். பிடித்தம் 1,800. என் நிறுவனம் 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து அதில் 12 சதவீதம் பிடிக்கிறது. மொத்தச் சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. ஆக சாதாரண மாதத்தில் கையில் வருவது 30,200.

அக்கவுண்டன்ட் முதலில் எழுதித் தந்த தொகையோ 34,720. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது சி.டி.சி. என் பெயரில் நிறுவனம் கட்டும் பி.எப். பங்கும் அதன் நிர்வாகக் கட்டணங்களும் 1,950, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 770, இரண்டையும் 32,000-உடன் கூட்டியிருக்கிறார். கணக்கு தப்பில்லை. ஆனால் கடிதத்தில் வெறுமனே "மாதச் சம்பளம் 34,720" என்று இருந்து, வங்கியில் மாதாமாதம் 30,200 வந்தால், நடுவில் உள்ள 4,520 எங்கே போனது என்று பார்ப்பவர் யோசிப்பார். அவரிடம் விளக்கம் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

ஆகவே இரண்டு எண்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "மொத்தச் சம்பளம் 32,000, பிடித்தம் போகக் கையில் பெறுவது 30,200." கிராஸ், நெட் என்று சொன்னால் எல்லா அலுவலகத்திலும் புரியும். சி.டி.சி. வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

இதோடு முடியவில்லை. நான் இணைத்தது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சீட்டுகள். ஆகஸ்ட் மாதம் அரையாண்டுத் தொழில் வரி 1,250 பிடித்திருந்தார்கள், அதனால் அந்த மாதம் வங்கியில் வந்தது 28,950. இது சீட்டில் அச்சாகியிருந்ததால் பிரச்சினை இல்லை. செப்டம்பரில் நான் வாங்கியிருந்த 5,000 முன்பணத்தைக் கழித்துக்கொண்டு 25,200 போட்டார்கள். ஆனால் சீட்டில் 30,200 என்றே இருந்தது! முன்பணத்தை அவர்கள் நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தார்கள். அதைச் சீட்டில் "முன்பணப் பிடித்தம்" என்று ஒரு வரியாகச் சேர்த்து மறுபடி வாங்கினேன். இந்த ஊர்ப் பக்கம் சின்ன நிறுவனங்களில் முன்பணம் வாங்காத ஆளே கிடையாது, அதனால் உங்கள் சீட்டையும் வங்கி அறிக்கையையும் ஒரு முறை பேனா வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். சீட்டின் கடைசி வரியும் வங்கியின் வரவு வரியும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போக வேண்டும்.

ஓவர்டைம் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள் அதைக் கடிதத்தில் சேர்க்க ஆசைப்பட வேண்டாம். எனக்கும் மாதம் மூவாயிரம் அப்படி வரும். காகிதத்தில் இல்லாத பணத்தைக் காகிதத்தில் காட்டினால் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் வரும்.

4. பெயரும் இனிஷியலும்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் முழுசாக இருக்கின்றன. கம்பெனியில் முன்னால் ஒரு இனிஷியல். வங்கியில் அதே இனிஷியல் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வேறு.

நான்கையும் திருத்திவிட்டு விசாவுக்குப் போகலாம் என்று கிளம்பினால் ஆறு மாதம் போய்விடும். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, பக்கத்திலேயே பாஸ்போர்ட் எண், "எங்கள் பதிவேடுகளிலும் வங்கிக் கணக்கிலும் இன்ன பெயரில் இருப்பவரும் இவரே" என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எழுத்துப்பிழை வராமல் இருக்க, பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலைக் கையோடு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பெயரைத் தட்டி அனுப்பினால் எதிர்முனையில் தட்டுபவர் தன் வழக்கப்படிதான் தட்டுவார்.

5. வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

"விசாவுக்கு லெட்டர் வேணும் சார்" என்று மட்டும் சொன்னால், கணினியில் ஏற்கெனவே கிடக்கும் ஏதோ ஒரு கடிதத்தில் பெயரை மாற்றித் தருவார்கள். எனக்கு வந்த இரண்டாவது கடிதம் அப்படி வந்ததுதான். முன்பு யாரோ கம்பெனி வேலையாக வெளிநாடு போனதற்கு எழுதியது. அதன் கடைசிப் பத்தியில் "பயணச் செலவு முழுவதையும் நிறுவனம் ஏற்கும்" என்று இருந்தது. நான் போவதோ அக்கா வீட்டுக்கு. கவனிக்காமல் கொடுத்திருந்தால், என் விண்ணப்பத்தில் ஒன்றும் கடிதத்தில் இன்னொன்றுமாக இருந்திருக்கும்.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பிரான்ஸ் விசாவுக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ இருந்தால் மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. ஒரு பக்கத்துக்குள் இந்த வரிசையில் வந்தால் போதும்:

முதலில் நிறுவனத்தின் லெட்டர்பேடு, முகவரி, தொலைபேசி, தேதி. பெறுநராக, நீங்கள் விண்ணப்பிக்கும் நாட்டின் தூதரக விசாப் பிரிவு. அடுத்து ஒரு பத்தியில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, சேர்ந்த தேதி, இன்றும் பணியில் இருக்கிறார் என்ற உறுதி. கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு, எந்த இடத்தில் பணி என்பதும் இங்கேயே வரட்டும். அதற்கடுத்த பத்தியில் மேலே சொன்ன இரண்டு சம்பள எண்கள். மூன்றாவது பத்தி விடுமுறை: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அனுமதி, எதற்காக, எந்தத் தேதியில் மறுபடி வேலைக்கு வர வேண்டும். கடைசியில் கையெழுத்து, அதன் கீழே கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண், அலுவலக மின்னஞ்சல், சீல்.

கையெழுத்திட்டவர் பெயர் இல்லாமல் வெறும் கிறுக்கலும் சீலும் மட்டும் இருக்கும் கடிதங்கள் நிறைய வருகின்றன. அதை வாங்காதீர்கள். யாராவது சரிபார்க்கக் கூப்பிட்டால் யாரைக் கேட்பார்கள்?

விடுமுறைப் பத்தியை மறக்காதீர்கள். வேலை உறுதி, சம்பளம், விடுமுறை அனுமதி என்று மூன்று தனித்தனி கடிதம் வாங்குகிறவர்கள் உண்டு. ஒன்றிலேயே மூன்றும் இருந்தால் தேதிகள் முட்டிக்கொள்ளாது. விமான முன்பதிவில் உள்ள போகும் நாளும் திரும்பும் நாளும் இந்த விடுமுறைக்குள் அடங்க வேண்டும். நான் நவம்பர் 10 முதல் 29 வரை கேட்டேன், 30 ஞாயிறு, டிசம்பர் 1 திங்கள் வேலைக்குத் திரும்புகிறேன் என்று எழுதினார்கள். சம்பள விடுப்பு எனக்கு 14 நாள்தான் இருந்தது, மீதி சம்பளமில்லா விடுப்பு. அந்த விவரம் கடிதத்தில் தேவையில்லை, விடுமுறை அனுமதிக்கப்பட்டது என்பதே போதும்.

6. கேட்கும் நாளும் கேட்கும் முறையும்

மாதத்தின் முதல் மூன்று வாரம் கேட்காதீர்கள். முதல் வாரம் சம்பளம் போடும் வேலை, 15-ம் தேதி பி.எப்., இ.எஸ்.ஐ. கட்டக் கடைசி நாள், 20-ம் தேதி ஜி.எஸ்.டி. சின்ன அலுவலகத்தில் இது எல்லாவற்றையும் செய்வது அந்த ஒரே அக்கவுண்டன்ட்தான், உங்கள் கடிதத்தைத் தட்டுவதும் அவரேதான். 21-லிருந்து 26-க்குள் போனால் முகம் கொடுத்துப் பேசுவார். இது தெரியாமல் 12-ம் தேதி கடலூரிலிருந்து பஸ் ஏறி புதுச்சேரி போய், டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வாயால் கேட்டதோடு நிறுத்தாமல் எழுத்திலும் அனுப்புங்கள். நான் கடைசியில் அனுப்பிய செய்தி இது:

"சார், வணக்கம். அக்கா குழந்தையைப் பார்க்க நவம்பர் 10 முதல் 29 வரை பிரான்ஸ் போக விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன். டிசம்பர் 1 வேலைக்கு வந்துவிடுவேன். செலவு என்னுடையது, தங்குவது அக்கா வீட்டில். கம்பெனிக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை. வரைவுக் கடிதம், பாஸ்போர்ட் நகல், விடுமுறை விண்ணப்பம் மூன்றும் இணைத்திருக்கிறேன். லெட்டர்பேடில் இரண்டு ஒரிஜினலும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டில் சீல், கையெழுத்தும் வேண்டும். 26-ம் தேதி நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?"

"கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை" என்ற வரிதான் வேலை செய்தது. ஓனர் அதுவரை தயங்கியதற்குக் காரணம், நான் போய்த் திரும்பாவிட்டால் தன்னைக் கேட்பார்களோ என்ற பயம். இன்னொரு பயமும் அவர்களுக்கு உண்டு: விசா என்று சொல்லிவிட்டு இந்தக் கடிதத்தை வைத்து வேறு வேலை தேடுவானோ என்று. பெறுநர் இடத்தில் தூதரகம் என்றும் உள்ளே பயண நோக்கமும் இருந்தால் அந்தக் கடிதத்தை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. அதை எடுத்துச் சொல்லுங்கள். "டு ஹூம் சோ எவர்" என்று பொதுவாகக் கேட்டால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

கையெழுத்து போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். எங்கள் ஓனர் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். தீபாவளி சமயத்தில் கேட்டால் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. செலவும் கால அளவும்

இந்தக் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், நோட்டரி கையெழுத்தும் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் "நோட்டரி போட்டாத்தான் சார் எடுப்பாங்க" என்று சொல்லி என்னிடம் 200 ரூபாய் வாங்கினார்கள். விசா மையத்தில் அந்தச் சீலை யாரும் பார்க்கக்கூட இல்லை. உண்மையில் செலவு விசாவுக்குத்தான். ஷெங்கன் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து இதுதான். அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். உறவினர் வீட்டில் தங்கினால், அவர்கள் அங்குள்ள மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் வாங்கி அனுப்பும் அத்தெஸ்தாசியோன் தக்கேய் என்ற வரவேற்புச் சான்றுக்கு அவர்களுக்கு 30 யூரோ ஆகும். அது வரவும் சில வாரங்கள் பிடிக்கலாம், அதனால் கடிதம் கேட்கும் அதே நாளில் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ அதையும் சொல்லிவிடுங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பரிசீலனை சாதாரணமாக 15 நாள், கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை போகலாம். இதை வைத்துப் பின்னாலிருந்து எண்ணுங்கள். நவம்பர் 10 பயணம் என்றால் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது அக்டோபர் 13. அந்த இரண்டு வார நெஞ்சிடி முழுக்கக் கடிதத்தால் வந்தது. கடிதத்தை ரொம்ப முன்னதாக வாங்கி வைப்பதும் வேண்டாம். மையத்தில் கொடுக்கும் நாளுக்கு ஒரு மாதத்துக்குள் தேதியிட்டது என்றால் நல்லது. வரைவும் தேதி பார்ப்பதும் இரண்டு மாதம் முன்பே முடியட்டும், கையெழுத்து மட்டும் கடைசி மாதத்தில் வாங்குங்கள்.

எனக்கு நேரம் கிடைத்தது புதுச்சேரி மையத்திலேயே, சென்னை போக வேண்டியிருக்கவில்லை. கவுண்டரில் இருப்பவர்கள் காகிதங்களைச் சரிபார்த்து வாங்கி அனுப்புகிறவர்கள்தான், முடிவு தூதரகத்துடையது. "இது போதுமா மேடம்?" என்று அவர்களிடம் கேட்டு, தலையாட்டியதை நம்பி வந்துவிட வேண்டாம்.

8. தர மறுத்தால்

மறுப்பதிலும் வகை உண்டு. "சம்பளம் எழுத மாட்டேன், வேலை செய்கிறான் என்று மட்டும் எழுதுகிறேன்" என்றால் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தைச் சீட்டும் வங்கி அறிக்கையும் பாரம் 16-ம் சொல்லும். பாரம் 16 ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15-க்குள் தர வேண்டியது, வரி பிடித்திருந்தால் அதைத் தர மாட்டேன் என்று முதலாளி சொல்ல முடியாது. விடுமுறையை மட்டும் மின்னஞ்சலில் அனுமதித்தால் அதைப் பிரிண்ட் எடுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் பணி நியமனக் கடிதம், அடையாள அட்டை, பி.எப். `Service History`, பாஸ்புக் எல்லாவற்றையும் சேர்த்து, ஏன் கடிதம் இல்லை என்று நீங்களே ஒரு விளக்கக் கடிதம் எழுதி வையுங்கள். பலம் குறைவுதான், ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல்.

பக்கத்துத் தெரு டிராவல்ஸில் "லெட்டர் நாங்களே ரெடி பண்றோம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வேண்டாம். ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசாத் தகவல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. விண்ணப்பமும் மறுப்பும் அதில் ஐந்து வருடம் வரை நிற்கும். பிரான்சுக்குப் போலிக் கடிதம் கொடுத்தவர் அடுத்த வருடம் ஜெர்மனிக்கு விண்ணப்பித்தாலும் அது அவர் கூடவே வரும்.

9. கடனுக்குக் கேட்பவர்களுக்கு

விசாக் கடிதத்தையே நகலெடுத்து வங்கிக்குக் கொடுக்க வேண்டாம். மூன்று வாரம் வெளிநாடு போகிறார் என்ற பத்தியை எந்த மேலாளரும் ரசிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது விடுமுறை இல்லை, பிடித்தங்கள். ஏற்கெனவே சம்பளத்தில் என்னென்ன கழிகிறது, சொசைட்டிக் கடன் இருக்கிறதா, மீதி எவ்வளவு கையில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் தவணை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவார்கள். அதனால் பிடித்தங்களைத் தனித்தனி வரியாகக் காட்டும் சம்பளச் சான்றிதழ் கேளுங்கள்.

முதலில் வங்கிக்குப் போய் அவர்களுடைய படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல பொதுத்துறை வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன, கம்பெனி லெட்டர்பேடில் வாங்கிக்கொண்டு போனால் மறுபடி அனுப்புவார்கள். அந்தப் படிவத்தின் கீழே, "தவணையைச் சம்பளத்தில் பிடித்து அனுப்புகிறோம்" என்று முதலாளி உறுதி தரும் பகுதி இருக்கும். அரசு அலுவலகத்தில் சம்பள அலுவலர் போட்டுவிடுவார். தனியாரில், அதுவும் கான்ட்ராக்டரிடம், பெரும்பாலும் நடக்காது. கையெழுத்து கேட்டு முதலாளியோடு மல்லுக்கட்டுவதற்கு முன், அந்தப் பகுதி இல்லாமல் எடுத்துக்கொள்வார்களா என்று வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள் "நிரந்தரம்" என்று எழுதச் சொல்ல வேண்டாம். வங்கி ஆள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்பார், சில சமயம் நேரிலேயே வருவார். அப்புறம் இன்னொன்று, சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதம் கடைசி மூன்று சீட்டில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நான் திரும்பி வந்து டிசம்பரில் இரு சக்கர வாகனக் கடன் கேட்டபோது, நவம்பர் சீட்டில் ஆறு நாள் சம்பளம் குறைந்திருந்தது. பிப்ரவரிச் சீட்டு வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.